230 டிகிரி தாங்கும் மோல்டு 180-லேயே ஏன் வாசனை அடிக்கிறது?

கேள்வி: என் சிலிகான் மோல்டில் 230 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. ஆனால் 180-ல் கேக் வைத்தாலே ரப்பர் வாசனை வருகிறது, கேக்கிலும் லேசாக ஏறுகிறது. பேக்கிங் பேப்பர் 200-ல் ஓரம் கருகிவிடுகிறது. அதே பேப்பரை மூங்கில் ஸ்டீமரில் விரித்தால் ஊறிக் கிழிந்து பன்னோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்றுமே மட்டமான சரக்கா, இல்லை நான்தான் ஏதாவது தப்பு செய்கிறேனா?

பதில்:

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மோல்டில் பிரச்சினை பெரும்பாலும் அதைத் தயாரித்த இடத்திலேயே தொடங்கியிருக்கும். பேப்பர் கருகுவதில் உங்கள் ஓவனுக்கும் பங்கு உண்டு. ஸ்டீமரில் நடப்பது வெப்பத்தால் அல்ல, தண்ணீரால். மோல்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மோல்டின் அடியில் அச்சடித்திருக்கும் 230 என்பது, அந்த வெப்பம் வரை ரப்பர் உருகாது, வெடிக்காது, வடிவம் மாறாது என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தச் சூட்டில் அதிலிருந்து என்ன ஆவியாகி வெளியே வரும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது. நல்ல சிலிகான் ரப்பரின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலி. அது 200 டிகிரியை மாதக்கணக்கில்கூடத் தாங்கும். 180-ல் அந்தச் சங்கிலி கெட்டு வாசனை வருவதற்கு வாய்ப்பில்லை. அப்படியானால் வருவது எது? சங்கிலிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருக்கும் உதிரிகள்.

சிலிகானை ரப்பராக இறுக வைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று பிளாட்டினத்தை வினையூக்கியாக வைத்துச் செய்வது. இதில் துணைப்பொருள் என்று எதுவும் பெரிதாக மிஞ்சாது, விலை கூடுதல். இன்னொன்று பெராக்சைடு சேர்த்துச் செய்வது. இதில் பெராக்சைடு சிதைந்து சிறு சிறு கரிமச் சேர்மங்கள் ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். புது மோல்டில் அடிக்கும் அந்தக் காரமான வாசனை பெரும்பாலும் இவற்றுடையது. இவை போக, இரண்டு வகையிலுமே வளையமாக முடிந்துபோன குட்டி சிலிகான் மூலக்கூறுகள் கொஞ்சம் இருக்கும். அவை வாசனை அதிகம் இல்லாதவை, ஆனால் கொழுப்பில் எளிதாகக் கரையும். வெண்ணெய் நிறைய உள்ள கேக் மாவு அவற்றை நன்றாகவே இழுத்துக்கொள்ளும்.

இந்த உதிரிகளை வெளியேற்றத்தான் தொழிற்சாலையில் இரண்டாவது சூடேற்றல் என்று ஒன்று இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்த மோல்டுகளைக் காற்றோட்டமுள்ள பெரிய ஓவனில் 200 டிகிரியில் நான்கு மணி நேரம் போல வைத்து எடுப்பார்கள். மின்சாரச் செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. மலிவு விலைக்காரர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். ரப்பர் நல்லதாகவே இருக்கலாம், 230-ஐயும் தாங்கலாம், ஆனால் கடைசிப் படியைத் தாண்டாமல் பெட்டிக்குள் போயிருக்கும். அதை உங்கள் வீட்டு ஓவன் இப்போது தவணை முறையில் செய்துகொண்டிருக்கிறது, உங்கள் கேக்கை வைத்து.

இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பி.எஃப்.ஆர், உணவில் படும் சிலிகானுக்கான தன் பரிந்துரையில், 200 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தால் எடை 0.5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்கிறது. பெரிய ஆய்வகம் வேண்டாம், 0.1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் இதே சோதனையை வீட்டிலேயே ஓரளவுக்குச் செய்து பார்த்துவிடலாம். நான் புதிதாக வாங்கும் எதையும் இப்படிப் பார்க்காமல் மாவு ஊற்றுவதில்லை.

உங்களைப் போலவே ரப்பர் வாசனையோடு என்னிடம் வந்த ஆறு குழி மோல்டு ஒன்றின் கணக்கைச் சொல்கிறேன். முதலில் வாசனையில்லாத சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவித் துடைத்தேன். அப்புறம் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தேன். மேலே ஒட்டியிருக்கும் ஈரத்தையும் எடைக்குறைவாகக் கணக்கு வைத்துவிடக் கூடாது என்பதற்காக இந்தப் படி. மூடிய டப்பாவில் ஆறவைத்து நிறுத்தபோது 152.4 கிராம். அதன் பிறகு ஓவனை 200-ல் வைத்து, காலி மோல்டை நடுத் தட்டில் நான்கு மணி நேரம் விட்டேன். ஜன்னல், புகைப்போக்கி விசிறி எல்லாம் திறந்தே இருந்தன. முதல் அரை மணியில் வந்த வாடை சமையலறையில் நிற்க விடவில்லை. ஆறியபின் எடை 151.0. குறைந்தது 1.4 கிராம், அதாவது 0.9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 0.5 சதவீதம் என்றால் 0.76 கிராம்தான் குறைந்திருக்கலாம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே நாளில் சோதித்த இன்னொரு மோல்டு 96.8-லிருந்து 96.6-க்கு இறங்கியது. 0.2 சதவீதம், கவலையில்லை.

முதல் மோல்டைத் தூக்கி எறிந்தேனா என்றால், இல்லை. மறுநாள் இன்னொரு நான்கு மணி நேரம் வைத்தேன். இந்த முறை 0.1 கிராம்தான் குறைந்தது, வாசனையும் இல்லை. தொழிற்சாலையில் விட்டுப்போன வேலையை வீட்டில் முடித்தாயிற்று, அவ்வளவுதான். இரண்டாம் சுற்றிலும் அரை கிராம், முக்கால் கிராம் என்று குறைந்துகொண்டே போனால், அல்லது பிசுபிசுப்பு வந்தால், அது சரிப்படாத சரக்கு. அதில் உணவு வைக்காதீர்கள்.

இந்தச் சோதனையில் சில ஓட்டைகளும் இருக்கின்றன. ஆய்வகத்தில் ரப்பரைச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைப்பார்கள், அதனால் உள்ளே இருப்பது வேகமாக வெளியே வரும். நாம் முழு மோல்டையும் வைப்பதால் தடிமனான பகுதிகளிலிருந்து முழுக்க வந்திருக்காது. அதனால் வீட்டுச் சோதனையில் தோற்றால் அது நிச்சயமாகத் தோல்வி. தேறினால் பெரும்பாலும் தேறியதாக வைத்துக்கொள்ளலாம். இருபது முப்பது கிராம் எடையுள்ள குட்டிக் கப்புகளை ஒன்றொன்றாக நிறுக்காதீர்கள், தராசின் பிழையே முடிவை மாற்றிவிடும். ஆறேழு கப்புகளைச் சேர்த்து நிறுங்கள். எண்ணெய் ஏறிய பழைய மோல்டில் இந்தக் கணக்கு செல்லாது, கருகும் எண்ணெயின் எடையும் சேர்ந்து குறையும். இன்னொன்று, ஓவன் குமிழ் 200-ல் நிற்பதால் உள்ளே 200 இருக்கிறது என்று அர்த்தமில்லை. சின்ன ஓவன்கள் 20 டிகிரி மேலேயும் கீழேயும் ஆடுவது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பலரும் சொல்லும் முறுக்கிப் பார்க்கும் சோதனையைப் பற்றியும் கேட்பீர்கள். மோல்டைப் பிடித்து முறுக்கினால் வெள்ளைக் கோடு தெரிந்தால் கலப்படம் என்பார்கள். விலை குறைக்கச் சுண்ணாம்புத் தூள் போன்றவற்றை நிறையக் கலந்திருந்தால் அப்படி வெளுப்பது உண்மைதான், இழுக்கும்போது தூளைச் சுற்றி நுண்ணிய வெடிப்பு விழுந்து வெள்ளையாகத் தெரியும். ஆனால் அடர் நிற மோல்டில் நிறமே நீண்டு வெளுத்துத் தெரியலாம். வெளுக்காத மோல்டும் சூடேற்றாமல் விட்டதாக இருக்கலாம். சந்தேகம் கிளப்ப உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது. ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டி நெருப்பில் காட்டினால் கிடைக்கும் செய்தி இன்னும் உறுதியானது: சிலிகான் எரிந்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும், சொட்டாது. உருகிச் சொட்டினாலோ கரும்புகை விட்டாலோ அது வேறு ஏதோ பிளாஸ்டிக். அதை ஓவன் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

நல்ல மோல்டையும் கெடுக்க வழி இருக்கிறது. மாவு இருக்கும் இடத்தில் ரப்பர் அவ்வளவாகச் சுடாது. மாவில் தண்ணீர் இருக்கும்வரை அதன் வெப்பம் 100-ஐத் தாண்டாது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பரும் கிட்டத்தட்ட அதோடு நின்றுவிடும். அடிவாங்குவது மாவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பும், நிரப்பாமல் விட்ட காலிக் குழிகளும்தான். ஓவனின் மேல் கம்பி சிவந்து எரியும்போது அது 600 டிகிரிக்கு மேல் இருக்கும். அதன் கதிர்ச்சூடு நேராக விழும் இடத்தில், ஓவன் காற்று 180-ஆக இருந்தாலும் ரப்பரின் மேல்தோல் அதைவிட நிறையவே ஏறிவிடும். அதனால் மோல்டு வைத்திருக்கும்போது கிரில் போடாதீர்கள். மேல் கம்பிக்கும் மோல்டுக்கும் ஒரு கையகல இடைவெளியாவது இருக்கட்டும். காலிக் குழிகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

நாளாக ஆக மோல்டில் பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். ரப்பர் உருகுகிறது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது சூட்டில் வார்னிஷ் போல இறுகிய எண்ணெய். ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பவர்கள் வீட்டில் இது சீக்கிரம் வரும். சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி அரை மணி கழித்து வெந்நீரில் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். இரும்பு நார் கூடாது. விளிம்பு விறைத்து, வளைத்தால் வெடிக்கிறது என்றால் அது ரப்பரே முதுமை அடைந்ததற்கு அடையாளம், மாற்றிவிட வேண்டியதுதான்.

சரி, பேப்பருக்கு வருவோம். முதலில் உங்களிடம் இருப்பது எந்தப் பேப்பர் என்று தெரிய வேண்டும். பட்டர் பேப்பர் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கின்றன. பேக்கிங்குக்கு உரியது பார்ச்மென்ட். காகிதத்தைக் கந்தக அமிலத்தில் முக்கி எடுத்து இழைகளைக் கூழாக்கி ஒட்டவைத்து, மேலே சிலிகான் பூசியிருப்பார்கள். இரண்டாவது எண்ணெய் ஊறாத வெறும் காகிதம், கூழை நன்றாக அரைத்து நெருக்கமாகச் செய்தது. சிலிகான் பூச்சு இருக்காது, அதனால் ஒட்டும். மூன்றாவது மெழுகு பூசிய தாள். மெழுகு 60 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், ஆகவே ஓவனுக்குள் அதற்கு வேலை இல்லை. நகத்தால் கீறிப் பாருங்கள், நகத்தில் மெழுகுத் துகள் ஏறினால் இதுதான். கீறல் தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஒரு துண்டை டிஷ்யூ பேப்பர் மேல் வைத்து 100 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். டிஷ்யூவில் எண்ணெய்க் கறை போல விழும்.

நல்ல பார்ச்மென்ட் உறையில் 220 அல்லது 230 டிகிரி என்று இருக்கும். இங்கேயும் அந்த எண்ணை முழுசாக நம்பி வைக்காதீர்கள், ஏனென்றால் சிலிகான் தாங்கினாலும் அடியில் இருப்பது காகிதம். காகிதம் ஏறக்குறைய 230 டிகிரி வாக்கில் தானாகவே பற்றக்கூடிய பொருள். அதற்கு வெகு முன்னாலேயே பழுத்து மொறுமொறுப்பாகும். மாவுக்கு அடியில் இருக்கும் பகுதி ஈரத்தால் குளிர்ந்தே இருக்கும், தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஆடும் ஓரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்களுக்கு 200-ல் ஓரம் கருகுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேப்பர் தட்டின் அளவுக்குள் அடங்கும்படி வெட்டுங்கள், நான்கு மூலையிலும் ஒரு பொட்டு மாவு வைத்து ஒட்டிவிடுங்கள். விசிறி உள்ள ஓவனில் ஓரம் எழும்பிக் கம்பியில் படுவது இதனால் நிற்கும். ஓவனை முன்சூடு செய்யும்போது வெறும் பேப்பரை உள்ளே வைக்கவே கூடாது. 200-ல் இருபது நிமிடத்தில் ஓரம் வெளிர்பழுப்பாவது இயல்புதான். நடுப்பகுதியும் கருத்தாலோ, புகை வந்தாலோ, ஓவன் உண்மையில் 200-ல் இல்லை அல்லது பேப்பர் பார்ச்மென்ட் இல்லை.

230-க்கு மேல் சுட வேண்டிய ரொட்டி வகைகளுக்கு நான் பேப்பரை மாவு ஏற்றி இறக்கும் வாகனமாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஏழெட்டு நிமிடத்தில் அடிப்பாகம் இறுகிவிடும், உடனே பேப்பரை உருவி எடுத்துவிடுவேன். வெள்ளைப் பேப்பரா, பழுப்புப் பேப்பரா என்பது வெளுத்தார்களா இல்லையா என்பது மட்டுமே. தாங்கும் வெப்பத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இனி ஸ்டீமர். ஆவி 100 டிகிரிதான். மோல்டோ பேப்பரோ விரிப்போ எதற்கும் அந்த வெப்பம் பெரிதில்லை. இங்கே கேட்க வேண்டியது, ஈரத்தில் எவ்வளவு நேரம் கிழியாமல் நிற்கும் என்பதுதான். பார்ச்மென்டின் அமிலக் குளியல் இங்கேதான் பலன் தருகிறது: இழைகள் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் கொதிநீரில் ஊறினாலும் பிரிவதில்லை. வெறும் காகிதமாக இருந்தால் சில நிமிடங்களில் நைந்துவிடும். விரலகலக் கீற்று ஒன்றை வெட்டி, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டுவிட்டு எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எதிர்த்து நின்றால் பார்ச்மென்ட், ஈரத் துணுக்காகப் பிய்ந்தால் இரண்டாவது வகை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஓவனிலும் அது ஒட்டியிருக்க வேண்டும். அதையும் கவனித்துப் பாருங்கள்.

பேப்பர் சரியாக இருந்தும் பன் அடி ஈரமாகி ஒட்டினால், ஓட்டை இல்லாததுதான் குற்றம். ஆவி பேப்பருக்கு அடியில் மோதித் தண்ணீராகி, மேலே மூடியிலிருந்து சொட்டுவதும் சேர்ந்து பேப்பர் மேல் குளம் கட்டும். பேப்பரை நான்காய் எட்டாய் மடித்து முனைகளையும் மடிப்புகளையும் வெட்டி, விரித்தால் பரவலாக ஓட்டை இருக்கும்படி செய்யுங்கள். ஸ்டீமர் சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு வட்டம் வெட்டுங்கள். அடுப்பை அணைத்ததும் உடனே பன்னைப் பிய்க்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஆற விடுங்கள். அந்த இடைவெளியில் அடிப்பாகம் இறுகித் தானாகக் கழன்று வரும்.

பேப்பருக்குப் பதில் சிலிகான் வலை விரிப்பு வாங்கினால் மேலே சொன்ன எடைச் சோதனை அதற்கும் பொருந்தும். ஸ்டீமரில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் இருபது நிமிடம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாசனை பாருங்கள். பருத்தித் துணியும் நல்ல விரிப்புதான், நனைத்துப் பிழிந்து போட வேண்டும், வாசனை சோப்பில் மட்டும் துவைக்கக் கூடாது. புது மூங்கில் ஸ்டீமரில் மூக்கைக் குத்தும் புளிப்பு வாடை வந்தால், பூஞ்சை பிடிக்காமல் வெளுப்பாக இருக்கக் கந்தகப் புகை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். சில மணி நேரம் ஊறவைத்து, காலியாக இருபது நிமிடம் ஆவியில் வைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை செய்தால் போய்விடும். போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூங்கில் ஸ்டீமரில் வெப்பம் ஆபத்தாவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில், அடியில் தண்ணீர் வற்றும்போது. முழுத் தீயில் பாத்திரத்துக்குள் ஒரு கிலோவாட் அளவுக்குச் சூடு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 27 மில்லி தண்ணீர் ஆவியாகும். 25 நிமிடத்தில் அது முக்கால் லிட்டரை நெருங்கிவிடும். தண்ணீர் தீர்ந்த அடுத்த சில நிமிடங்களில் பாத்திரத்தின் அடி 200-ஐத் தாண்டும், மூங்கில் வளையமும் தொங்கும் பேப்பரும் கருக ஆரம்பிக்கும். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள், ஸ்டீமரின் அடி வளையம் ஒரு சென்டிமீட்டர் தண்ணீரில் நனைந்தபடி இருக்கட்டும். தண்ணீருக்குள் ஒரு சின்ன உலோகக் கரண்டியைப் போட்டு வைத்தால் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை டக டக என்று ஆடிக்கொண்டிருக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது.

ஓட்டை போட்டு விற்கும் ஸ்டீமர் பேப்பரை ஓவனிலும் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். உறையில் ஓவன் வெப்பம் எழுதியிருந்து, நகக் கீறலிலும் கொதிநீர்ச் சோதனையிலும் தேறினால் இறுகலான பிஸ்கட் மாவுக்குப் போடலாம். இளகிய கேக் மாவுக்கு வேண்டாம், ஓட்டை வழியே இறங்கித் தட்டில் ஒட்டிக் கருகும்.